மார்பகம் சிவந்து தோல் குழிந்திருந்தால் மூன்றாவது ஆன்டிபயாடிக் தேவையா, பயாப்ஸி தேவையா?

"அம்மாவுக்கு 49 வயசு. நாலு வாரமா இடது மார்பகம் சிவந்து, வீங்கி, சூடா இருக்கு. தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியா குழிஞ்சிருக்கு. காய்ச்சல் இல்லை. ரெண்டு தடவை ஆன்டிபயாடிக் கொடுத்தாங்க. முதல் தடவை கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு, அப்புறம் திரும்ப வந்துடுச்சு. மேமோகிராம்ல கட்டி இல்லை, தோல் தடிப்பு மட்டும்னு வந்திருக்கு. ஸ்கேன்ல சீழ் இல்லை, அக்குள்ல நெறி பெருசா இருக்காம். இன்னும் பத்து நாள் வேற மாத்திரை போட்டுப் பார்க்கலாம்னு டாக்டர் சொல்றார். வீக்கமா இருக்கும்போது ஊசி குத்தினா பரவிடும்னு வீட்டுல பயப்படறாங்க. காத்திருக்கலாமா?"

காத்திருக்க வேண்டாம். இந்த வாரத்திலேயே பயாப்ஸிக்கு நாள் வாங்குங்கள். டாக்டர் மூன்றாவது ஆன்டிபயாடிக்கையும் கொடுக்க நினைத்தால் கொடுக்கட்டும், அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் மாத்திரை முடிந்த பிறகு பயாப்ஸி என்று வரிசைப்படுத்தக் கூடாது. இரண்டும் ஒரே வாரத்தில் நடக்கலாம்.

அம்மாவுக்குப் புற்றுநோய்தான் என்று இதை வைத்து யாரும் சொல்லிவிட முடியாது. அழற்சி வகை மார்பகப் புற்றுநோய் அரிதானது. அமெரிக்கக் கணக்கில் மொத்த மார்பகப் புற்றுநோய்களில் 1 முதல் 5 சதவீதம்தான். கிருமித் தொற்றும், கிருமியில்லாத சில அழற்சி நோய்களும் இதே தோற்றத்தில் வரும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை ஒன்றாக வைத்துப் பார்த்தால் தொற்று என்ற விளக்கம் நாளுக்கு நாள் பலவீனமாகிக்கொண்டு வருகிறது. பால் கொடுக்காத வயதில் மார்பகத்தில் சாதாரணத் தொற்று வருவதே குறைவு. அப்படி வந்தால் பெரும்பாலும் காம்பைச் சுற்றி ஓரிடத்தில் தொடங்கும், தொட்டாலே கடுமையாக வலிக்கும், காய்ச்சல் வரலாம், விட்டால் சீழ் கட்டும். சீழ் கட்டாத தொற்றுக்குச் சரியான ஆன்டிபயாடிக் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் சிவப்பு பின்வாங்கத் தொடங்கும், ஒரு வாரம் பத்து நாளில் தோல் பழையபடி ஆகிவிடும். அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை, இரண்டு கோர்ஸ் முடிந்துவிட்டது, தோல் இன்னும் குழிந்தே இருக்கிறது. ஒரு கோர்ஸிலேயே முழுதாகச் சரியாகவில்லை என்றால் ஸ்கேனும் பயாப்ஸியும் என்பதுதான் பொதுவாகப் பின்பற்றப்படும் வழிமுறை. அந்த எல்லையை ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள்.

ஏன் இந்த நோய் தொற்று போலவே தெரிகிறது என்பது புரிந்தால், உங்கள் ரிப்போர்ட்டுகள் எல்லாமே வேறு மாதிரி தெரியும். மார்பகத் தோலுக்கு அடியில் மெல்லிய நிணநீர்க் குழாய்கள் வலையாகப் பின்னிக் கிடக்கின்றன. திசுக்களில் தேங்கும் நீரை வடித்து அக்குள் பக்கம் கொண்டுபோவது அவற்றின் வேலை. இந்த வகைப் புற்றுநோயில் புற்றணுக்கள் ஓரிடத்தில் உருண்டு கட்டியாகாமல், சிறு சிறு கொத்துகளாக அந்தக் குழாய்களுக்குள் நுழைந்து அடைத்துக்கொள்கின்றன. வடிகால் அடைபட்டதும் தோலில் நீர் தேங்கி வீங்குகிறது, இரத்த நாளங்கள் விரிந்து சிவப்பும் சூடும் வருகின்றன. வீங்கிய தோல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மேலெழும்ப முடிவதில்லை. மயிர்க்கால்கள் இருக்கும் இடங்களில் தோல் கீழே பிடித்து வைக்கப்பட்டிருப்பதால் அங்கெல்லாம் சிறு குழி விழும். அதுதான் நீங்கள் பார்க்கும் ஆரஞ்சுத் தோல். கிருமியே இல்லாமல் சிவப்பு, சூடு, வீக்கம் மூன்றும் வந்துவிடுவதால் முதலில் பார்ப்பவர் தொற்று என்று எண்ணுவது இயல்பு. முதல் கோர்ஸ் கொடுத்ததில் தவறு சொல்ல முடியாது. தவறு அதற்கு மேல் தொடர்வதில்தான்.

"கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். தாமதத்துக்குப் பெரிய காரணமே இந்தக் "கொஞ்சம்"தான். தேங்கிய நீரின் அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்கும். காலையில் ஒரு மாதிரியும் மாலையில் ஒரு மாதிரியும் இருக்கும். ஆன்டிபயாடிக்கோடு கொடுக்கும் வலி, வீக்க மாத்திரைகள் சிவப்பைத் தற்காலிகமாக மங்கவைக்கும். ஸ்டீராய்டு கொடுத்தால் இன்னும் நன்றாகவே மங்கும், அதனால் பயாப்ஸி இல்லாமல் ஸ்டீராய்டு தொடங்குவது இந்த இடத்தில் ஆபத்தான குறுக்குவழி. வீக்கம் வடிந்தாலும் குழாய்களுக்குள் இருக்கும் புற்றணுக்கள் அங்கேயேதான் இருக்கும். எனவே குறைந்ததா என்பதைக் கேள்வியாக வைக்காதீர்கள். முழுதாகப் போய்விட்டதா, தோல் மறுபக்க மார்பகத்தைப் போல ஆகிவிட்டதா என்று பாருங்கள்.

நினைவை நம்பி இதை மதிப்பிட முடியாது. இன்றே அம்மாவை நேராக உட்காரவைத்து, பகல் வெளிச்சத்தில் இரண்டு மார்பகங்களும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு படம், பாதிக்கப்பட்ட பக்கத்தை ஓரத்திலிருந்து ஒரு படம் எடுங்கள். சிவப்பின் விளிம்பைப் பேனாவால் கோடிட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். மூன்று நாளில் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் அதுவே டாக்டரிடம் காட்ட வேண்டிய தகவல். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் இந்தச் சிவப்பு சிவப்பாகவே தெரியாது. கருஞ்சிவப்பாகவோ, ஊதா கலந்தோ, அடிபட்டுக் கன்றிப்போனது போலவோ, சில சமயம் வெறும் கறுப்பாகவோ தெரியும். அங்கே நிறத்தைவிடத் தோலின் தடிப்பையும் குழிகளையும் நம்பலாம். இரண்டு விரல்களால் தோலை மெல்ல மடித்துப் பாருங்கள். நல்ல பக்கம் மெல்லிய மடிப்பாக வரும், வீங்கிய பக்கம் தடித்து, மடிக்க வராது. பிராவின் தையல் தடம் ஒரு பக்கம் மட்டும் ஆழமாகப் பதிந்து நெடுநேரம் மறையாமல் இருப்பதும் இதே வீக்கத்தின் அடையாளம்.

அடுத்து மேமோகிராம். "கட்டி இல்லை" என்ற வரியைப் படித்து வீட்டில் எல்லோரும் நிம்மதியாகியிருப்பீர்கள். இந்த நோயில் அந்த வரிக்கு மதிப்பு குறைவு. புற்றணுக்கள் பரவலாகச் சிதறிக் கிடப்பதால் உருண்டையாக ஒன்று படத்தில் விழாமலே போகலாம், கைக்குத் தட்டுப்படாமலும் போகலாம். படத்தில் பெரும்பாலும் தெரிவது தோல் தடிப்பும், ஒரு பக்க மார்பகம் முழுக்க அடர்த்தி கூடியிருப்பதும்தான். உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் "தோல் தடிப்பு மட்டும்" என்பதில் அந்த "மட்டும்" பொருந்தாது. தோல் தடிப்புதான் அங்கே முக்கியமான கண்டுபிடிப்பு. வீக்கமும் வலியும் இருந்ததால் மார்பகத்தைச் சரியாக அழுத்திப் படம் எடுக்க முடியாமல் போயிருக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அல்ட்ராசவுண்ட் இங்கே மேமோகிராமைவிட அதிகம் சொல்லும். ஆனால் அது எதைத் தேடிச் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தது. "சீழ் இருக்கிறதா பாருங்கள்" என்று எழுதி அனுப்பினால் சீழ் இல்லை என்ற பதிலோடு திரும்பிவரும். புற்றுநோய்ச் சந்தேகம் என்று எழுதி, மார்பக ஸ்கேனில் பழக்கமுள்ள ரேடியாலஜிஸ்ட்டிடம் அனுப்பினால் அவர் மார்பகம் முழுவதையும், அக்குளையும், காரை எலும்புக்கு மேலும் கீழும் உள்ள நெறிகளையும் பார்ப்பார். மேமோகிராமில் தெரியாத கட்டி இதில் தெரிவது சகஜம். அக்குள் நெறி தொற்றிலும் பெருக்கும், புற்றுநோயிலும் பெருக்கும். அளவை வைத்து முடிவெடுக்க முடியாது. நெறியின் நடுவில் வழக்கமாகத் தெரியும் கொழுப்புப் பகுதி மறைந்துபோய், அது உருண்டையாகி, வெளிச்சுவர் ஓரிடத்தில் தடித்திருந்தால் சந்தேகம் கூடும். அப்படி இருந்தால் அந்த நெறியிலிருந்தும் ஊசியால் எடுத்துவிட வேண்டும். ரிப்போர்ட்டில் நெறியைப் பற்றி இந்த விவரம் இல்லாவிட்டால் ஸ்கேனைத் திரும்பச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் அதே அறையில், அதே நேரத்தில் பயாப்ஸியையும் முடித்துவிடலாம்.

இனி பயாப்ஸி. அம்மாவுக்குத் தேவைப்படுவது இரண்டு விதம். ஒன்று கோர் பயாப்ஸி. மரப்பு ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்தபடியே கொஞ்சம் தடித்த ஊசியால் மார்பகத் திசுவிலிருந்து மெல்லிய குச்சி போன்ற துண்டுகள் பலவற்றை எடுப்பார்கள். கட்டி தெரிந்தால் அதிலிருந்து, தெரியாவிட்டால் ஸ்கேனில் மிக மாறுபட்டுத் தெரியும் பகுதியிலிருந்து. மற்றொன்று தோலில் எடுக்கும் பஞ்ச் பயாப்ஸி. சில மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டக் கத்தியால் தோலின் முழு ஆழத்துக்கும் ஒரு சிறு துண்டு எடுத்து, ஒன்றிரண்டு தையல் போடுவார்கள். எடுக்க வேண்டிய இடம் நிறம் மிக அதிகமாக மாறியிருக்கும் பகுதி. ஒரே துண்டோடு நிறுத்தாமல் குறைந்தது இரண்டு இடங்களில் எடுப்பது நல்லது, ஏனென்றால் அடைபட்ட குழாய்கள் தோல் முழுக்க ஒரே சீராக இருப்பதில்லை. மயக்க மருந்து தேவையில்லை, அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுக்கும் எஃப்என்ஏசி சோதனையை மட்டும் செய்துவிட்டு முடித்துக்கொள்ள ஒத்துக்கொள்ளாதீர்கள். அதில் வருவது தனித்தனி அணுக்கள். புற்றணு இருக்கிறதா என்று சில நேரம் சொல்லிவிடலாம், ஆனால் அது திசுவுக்குள் ஊடுருவியதா என்று சொல்லாது. புற்றணுவில் ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2 என்ற புரதமும் இருக்கின்றனவா என்று பார்க்கும், சிகிச்சைக்குத் தேவையான ஈஆர், பிஆர், ஹெர்-2 சோதனைகளுக்கும் திசுத் துண்டுதான் நம்பகமானது. இத்தனை வீங்கிய மார்பகத்தில் ஊசி வெறும் நீரையும் அழற்சி அணுக்களையும் உறிஞ்சிக்கொண்டு வந்து, "அழற்சி" என்ற ரிப்போர்ட்டைத் தந்துவிடும். அதைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் ஒரு மாதம் மாத்திரையில் கழியும்.

வீட்டில் இருக்கும் பயத்துக்கு வருகிறேன். ஊசி குத்தினால் புற்றுநோய் உடம்பெல்லாம் பரவும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அம்மாவுக்கு இருப்பது இந்த வகைதான் என்றால் அது ஏற்கெனவே நிணநீர்க் குழாய்களுக்குள் இருக்கிறது. ஊசி அதை அங்கே கொண்டுபோகவில்லை, அங்கே இருப்பதைக் காட்டிக்கொடுக்கிறது. உண்மையில் தொற்றுதான் என்றாலும் பயாப்ஸியால் பெரிய கெடுதல் இல்லை. கொஞ்சம் இரத்தக் கட்டும், இரண்டொரு நாள் வலியும் இருக்கும். எடுத்த துண்டில் ஒரு பகுதியைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கும் காசநோய்ச் சோதனைக்கும் அனுப்பினால் எந்தக் கிருமி, எந்த மருந்து என்பது தெரியவரும். அதற்கு வேண்டிய துண்டை ஃபார்மலினில் போடாமல் தனியாக அனுப்ப வேண்டும். ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி வளராது. எடுப்பதற்கு முன்பே சொல்லி வைக்க வேண்டிய விஷயம் இது, எடுத்த பிறகு நினைவு வந்து பயனில்லை.

பால் கொடுத்துக்கொண்டிருக்கும் பெண்களுக்கும் இதே விதிதான் என்பதைப் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். அவர்களுக்குத் தொற்று மிகச் சாதாரணம் என்பதால் முதலில் ஆன்டிபயாடிக் கொடுப்பது சரியே. ஒரு கோர்ஸில் தீராவிட்டால் ஸ்கேனும் பயாப்ஸியும் செய்ய வேண்டும், பால் நிற்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பத்து நாளில் என்ன ஆகிவிடும் என்று டாக்டர் கேட்கலாம். பத்து நாள் என்பது பேச்சில்தான். கணக்கு போட்டுப் பாருங்கள்: இதுவரை நான்கு வாரம். மூன்றாவது கோர்ஸ் பத்து நாள். அதன் பிறகு திரும்பப் பார்க்க நாள் கிடைக்க நாலைந்து நாள். பயாப்ஸிக்கு இன்னொரு வாரம். திசு ரிப்போர்ட்டும் ஹெர்-2 முடிவும் வர ஒன்றிரண்டு வாரம். ஸ்கேன்கள் முடிந்து சிகிச்சை தொடங்கும்போது இரண்டு மாதத்தைத் தாண்டியிருக்கும். இந்த நோயை வரையறுக்கும்போதே "தொடங்கி 6 மாதத்துக்குள்" என்றுதான் வைத்திருக்கிறார்கள், அத்தனை வேகமாக வளர்வது இது. மார்பகத்தில் மூன்றில் ஒரு பங்குக்காவது சிவப்பு பரவியிருப்பதும் அந்த வரையறையில் உண்டு. கண்டுபிடிக்கும்போதே இது குறைந்தது மூன்றாம் நிலை என்றுதான் எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அப்போதே நுரையீரல், எலும்பு, கல்லீரல் போன்ற வேறு இடங்களுக்குப் போயிருக்கிறது. போகாமல் இருக்கும் கட்டத்தில் பிடித்தால் முழுதாகக் குணப்படுத்தும் நோக்கத்தோடு சிகிச்சை கொடுக்க முடிகிறது.

டாக்டரிடம் சண்டை வேண்டாம். "ரெண்டு கோர்ஸ் முடிஞ்சும் தோல் குழி போகலை, அழற்சி வகைப் புற்றுநோய் இல்லைன்னு உறுதிப்படுத்திக்கணும். மாத்திரை கொடுங்க, கூடவே கோர் பயாப்ஸிக்கும் பஞ்ச் பயாப்ஸிக்கும் எழுதிக் கொடுங்க" என்று நேராகக் கேளுங்கள். பயாப்ஸிக் கோரிக்கைத் தாளில் அந்தச் சந்தேகத்தை எழுதச் சொல்வது முக்கியம். நோயியல் நிபுணருக்கு அது தெரிந்தால்தான் தோல் துண்டைப் பல மட்டங்களில் வெட்டி நிணநீர்க் குழாய்களுக்குள் தேடுவார். எழுதிக் கொடுக்கத் தயங்கினால் அன்றே மார்பக அறுவை நிபுணரிடமோ புற்றுநோய் மருத்துவமனையிலோ நாள் கேளுங்கள். கேட்கும்போது "ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத சிவப்பு, ஆரஞ்சுத் தோல், அக்குள் நெறி" என்ற மூன்றையும் சொன்னால் முன்னதாக நாள் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

ரிப்போர்ட் வந்ததும் இரண்டு இடங்களில் வழுக்கி விழுகிறார்கள். முதலாவது, தோல் துண்டில் ஒன்றும் இல்லை என்று வந்தால் நோயே இல்லை என்று முடிவு கட்டுவது. தோலின் குழாய்களுக்குள் புற்றணுக் கொத்துகள் இருந்தால் அது வலுவான சான்று, ஆனால் உறுதியாக இந்த நோய் உள்ளவர்களிலும் கணிசமானோருக்கு அது அகப்படுவதில்லை. மார்பகத் திசுவில் ஊடுருவிய புற்றுநோய் இருந்து, தோலின் தோற்றமும் வேகமும் பொருந்தினால் நோய் இதுதான். தோல் துண்டு மறுத்துச் சொன்னாலும் அது மாறாது. இரண்டாவது, "நாட்பட்ட அழற்சி, புற்றணு இல்லை" என்ற பொத்தாம்பொதுவான வரியில் நின்றுவிடுவது. புற்றுநோய் அல்லாத காரணம் என்றால் ரிப்போர்ட் அதைப் பெயர் சொல்ல வேண்டும்: கிரானுலோமா என்ற அழற்சி முடிச்சு இருக்கிறது, கிருமி வளர்ந்திருக்கிறது, காசநோய் தெரிகிறது என்று. அப்படி எதுவும் இல்லாமல் தோலும் மாறாமல் இருந்தால், துண்டு சரியான இடத்திலிருந்து வரவில்லை என்று எடுத்துக்கொண்டு திரும்ப எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் எம்ஆர்ஐ எடுத்தால் எங்கே குத்துவது என்பதற்கு வழிகாட்டும்.

இன்னொரு எச்சரிக்கை: சீழ் என்று நினைத்துக் கீறிவிடவோ, புற்றுநோய் என்று தெரிந்ததும் அவசரமாக மார்பகத்தை எடுத்துவிடவோ ஒத்துக்கொள்ளக் கூடாது. ஸ்கேனில் சீழ் இல்லாதபோது கீறினால் ஆறாத புண்தான் மிஞ்சும். இந்த வகைக்குச் சிகிச்சை தொடங்குவது மருந்தில். முதலில் கீமோதெரபி, ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் கூடவே அதற்கான குறிவைத்த மருந்துகள். தோல் வடிந்து சிவப்பு அடங்கிய பிறகு மார்பகம் முழுவதையும் அக்குள் நெறிகளையும் எடுக்கும் அறுவை, அதன் பிறகு கதிர்வீச்சு, ஈஆர் பாசிட்டிவ் என்றால் ஹார்மோன் மாத்திரை. முதலிலேயே வெட்டினால் வெட்டும் விளிம்பிலேயே நோய் இருக்கும், தோலில் திரும்ப முளைக்கும். எந்த மருந்தில் தொடங்குவது என்பதை ஈஆர், பிஆர், ஹெர்-2 மூன்றும்தான் தீர்மானிக்கின்றன, அவை வருவது கோர் பயாப்ஸித் துண்டிலிருந்து.

கீமோ முதல் ஊசியிலேயே சிலருக்குச் சிவப்பு குறைந்துவிடும். அதனால் தொடங்கும் முன்பே நோய் தோலில் எதுவரை இருந்தது என்பதற்கு அந்தத் தேதியிட்ட படங்கள் தேவைப்படும். பின்னால் அறுவை நிபுணரும் கதிர்வீச்சு நிபுணரும் தங்கள் எல்லையை அதை வைத்துத்தான் குறிப்பார்கள். போனில் மட்டும் வைக்காமல் கோப்பிலும் ஒரு பிரதி வையுங்கள்.